தவணைக்கு முந்தைய 17 நாள் வட்டி: எந்த வழியில் கட்டினால் தேவலை?

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், பச்சைத் தேயிலை ஏற்ற பிக்கப் வண்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் 5,00,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், குறையும் நிலுவை முறையில், அதாவது மீதியுள்ள அசலுக்கு மட்டும். தவணைகள் 36. மாதத் தவணை 16,607 ரூபாய். தவணைத் தேதி ஒவ்வொரு மாதமும் 5. பணம் 2025 ஜூன் 18 அன்று வண்டி விற்பவர் கணக்குக்குப் போய்விட்டது. முதல் தவணை ஆகஸ்ட் 5.

தவணைக் கணக்கு முழு மாதத்துக்குத்தான் பொருந்தும். ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 5 வரையிலான ஒரு மாத வட்டி, அதாவது 5,000 ரூபாய், முதல் தவணைக்குள்ளேயே இருக்கிறது. ஜூன் 18 முதல் ஜூலை 5 வரையிலான நாட்களின் வட்டி அதில் இல்லை. கடன் அலுவலகத்தில் இதைத்தான் புரோக்கன் பீரியட் வட்டி என்பார்கள். சில இடங்களில் பிரீ இ.எம்.ஐ. என்றும் சொல்வார்கள்.

எண்ணும் முறை இதுதான். பணம் போன நாளைச் சேர்க்க வேண்டும், தவணைத் தேதியைச் சேர்க்கக் கூடாது. ஜூனில் 18 முதல் 30 வரை 13 நாள், ஜூலையில் 1 முதல் 4 வரை 4 நாள், ஆக 17 நாள். ஒரு நாள் வட்டி 164 ரூபாய் 38 காசு. 17 நாளுக்கு 2,795 ரூபாய். கணினியிலோ செல்பேசியிலோ விரிதாள் இருந்தால் இப்படி அடித்துப் பார்க்கலாம்:

```
=500000*12%/365*(DATE(2025,7,5)-DATE(2025,6,18))
```

இரண்டு முனைத் தேதிகளையும் சேர்த்து 18 நாளாக எண்ணினால் 2,959 வரும். ஆண்டுக்கு 360 நாள் என்று வகுத்தால் 17 நாளுக்கே 2,833 வரும். கடன் கொடுத்தவர் சொல்லும் தொகை உங்கள் கணக்கோடு ஒத்துவராவிட்டால் முதலில் இந்த இரண்டையும் சோதியுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் இங்கேதான் இருக்கும்.

இந்த 2,795 ரூபாய் கட்டணம் அல்ல, பணம் உங்கள் பெயரில் வெளியே இருந்த நாட்களுக்கான வட்டி. கடனை ஜூலை 3 அன்று வாங்கியிருந்தால் 2 நாளுக்கு 329 ரூபாய்தான் ஆகியிருக்கும். அதைச் சேமிப்பு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த 15 நாளும் வண்டி உங்களிடம் இருந்திருக்காது. வட்டி என்பதால் இதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. செயல்முறைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு. ரசீதில் இரண்டையும் கூட்டி மொத்தத்துக்கும் வரி போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இனி இதை வசூலிக்கும் வழிகள். தொகை ஒன்றே என்றாலும் கைப்பணத்தில் அது விழும் நாளும், கடைசியில் ஆகும் செலவும் வழிக்கு வழி மாறும்.

கடன் தரும்போதே பிடித்துக்கொள்வது

5,00,000-இல் 2,795 கழித்து 4,97,205 தருவார்கள்; செயல்முறைக் கட்டணம் இருந்தால் அதுவும் கழியும். ஆகஸ்ட் 5 அன்று வழக்கமான 16,607 மட்டும் போகும். 17 நாள் முன்கூட்டியே வட்டி கொடுக்கிறோமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 2,795 ரூபாய்க்கு 17 நாள் வட்டி வெறும் 16 ரூபாய், அதில் பெரிய நட்டம் இல்லை. சங்கடம் வேறு இடத்தில் வரும். விற்பவருக்கு முழு 5,00,000 போக வேண்டும், போனது 4,97,205. அந்தக் குறையைக் கையிலிருந்து போட்டால்தான் வண்டியைத் தருவார். முன்பணத்தோடு இந்தத் தொகையையும் சேர்த்து வைத்திருந்தால் இது நேர்மையான, சுத்தமான வழி.

ஜூலை 5 அன்று தனியாக வாங்குவது

ஜூலை 5 அன்று 2,795 ரூபாய், ஆகஸ்ட் 5 முதல் 16,607 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூட மாறாது, தவணை அட்டவணை அச்சடித்தபடியே ஓடும். முடியுமானால் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இதில் ஒரே ஒரு பொறி உண்டு. ‘முதல் தவணை ஆகஸ்ட்’ என்று சொல்லக் கேட்டவர் ஜூலையில் கணக்கைக் காலியாக வைத்துவிடுவார். 5ஆம் தேதி ஆட்டோ டெபிட் வந்து திரும்பிப் போகும். கடன் கொடுத்தவரும் அபராதம் போடுவார், வங்கியும் போடும். 2,795 ரூபாய் வட்டிக்கு இரண்டு அபராதம் சேர்ந்தால் முதல் மாதமே கணக்கு கெட்டுவிடும்.

முதல் தவணையோடு சேர்ப்பது

ஆகஸ்ட் 5 அன்று 16,607-உம் 2,795-உம் சேர்ந்து 19,402 ரூபாய் போகும். செப்டம்பரிலிருந்து 16,607. ஜூலையில் பணம் இறுக்கமாக இருப்பவருக்கு இது ஒரு மாதம் மூச்சு விட இடம் தரும். சேர்த்த 2,795-க்கு அந்த ஒரு மாதத்துக்கு வட்டி போடாதவரை செலவும் அதிகமாகாது.

இங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, ஆட்டோ டெபிட்டுக்குக் கையெழுத்துப் போட்ட மேண்டேட்டில் உள்ள அதிகபட்சத் தொகை. அது 17,000 என்று இருந்தால் 19,402-ஐ எடுக்க முடியாது. 20,000 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது, கணக்கில் வைக்கும் பணம். 16,607 தயாராக இருக்கிறது என்று நம்பி 17,500 வைத்திருந்தால், இருப்பதை எடுத்துக்கொண்டு மீதியைப் பிறகு எடுக்க மாட்டார்கள், மொத்தமும் திரும்பிவிடும். ‘என் தவணையை விடப் பணம் அதிகமாகத்தானே இருந்தது, ஏன் திரும்பியது’ என்று கேட்கும் பலருக்கு நடந்தது இதுதான்.

அசலுக்குள் கரைத்துவிடுவது

வெளியே தெரியாத வழி இது. ஆகஸ்ட் 5 அன்று வழக்கம்போல 16,607-தான் போகும், அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அட்டவணையின் முதல் வரிசையைப் பார்த்தால் புரியும். வட்டிக்கு 5,000, அசலுக்கு 11,607 போக வேண்டிய இடத்தில் வட்டி 7,795, அசல் 8,812 என்று இருக்கும். அசலில் குறையாமல் நின்ற அந்த 2,795 ரூபாய், பாக்கி 35 மாதமும் மாதம் 1 சதவீதம் வளர்ந்து, 36ஆவது தவணையில் 3,959 ரூபாயாக வந்து நிற்கும். கடைசித் தவணை 16,607 அல்ல, 20,566. வட்டிக்கு வட்டி 1,164 ரூபாய்.

சிலர் இதையே தவணையை உயர்த்திச் செய்வார்கள். ஜூலை 5 அன்று அசலை 5,02,795 ஆக்கிவிட்டால் தவணை 16,700 ஆகும். மாதம் 93 ரூபாய்தான் என்று தோன்றும். 36 மாதத்தில் 3,340 ரூபாய்க்கு மேல் போய்விடும். மூன்று ஆண்டுக் கடனில் இவ்வளவுதான். பல ஆண்டு ஓடும் வீட்டுக் கடனில் இந்த வழியை ஏற்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மாதா மாதம் பெருகும் தொகைக்கு ஆண்டுகள் கூடக் கூட வேகம் கூடும்.

இடைவெளியே விடாமல் ஜூலை 5 அன்றே முழுத் தவணை

இதில் தனி வட்டி என்று எதுவும் இல்லை. 17 நாளிலேயே 16,607 கட்டுகிறீர்கள். கணக்கு நேராக இருந்தால் வட்டிக்கு 2,795 மட்டும் போய், அசலில் 13,812 குறைய வேண்டும். கடைசித் தவணையும் ஏறத்தாழ 13,483 ஆகக் குறையும். வட்டிச் செலவு குறைவான வழி இதுதான். ஆனால் வண்டி வந்து மூன்று வாரம் ஆவதற்குள் முழுத் தவணை கையில் வேண்டும்.

தவறு நடந்தால் பெரிதாக நடப்பதும் இங்கேதான். அட்டவணையின் முதல் வரிசையில் வட்டி 5,000 என்று இருந்தால், 17 நாளுக்கு முழு மாத வட்டி வாங்கிவிட்டார்கள் என்று பொருள். 2,205 ரூபாய் அதிகம். 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதை முறையற்ற பழக்கம் என்று பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறது. மாத நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி, பணம் தருவதற்கு முன் ஒப்புதல் நாளிலிருந்தே வட்டி, காசோலையைப் பல நாள் கழித்துக் கொடுத்துவிட்டு அதில் எழுதிய தேதியிலிருந்து வட்டி ஆகியவை அதில் உள்ளன.

மலையில் இருப்பவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது முக்கியம். 18ஆம் தேதி போட்ட காசோலை சமவெளிக் கிளையிலிருந்து மேலே வந்து 24 அன்று கைக்குக் கிடைத்தால், 17 நாளுக்கு அல்ல, 11 நாளுக்குத்தான் வட்டி: 1,808 ரூபாய். காசோலை பெற்ற நாளைப் பதிந்த ஒப்புகைச் சீட்டின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் நேராக விற்பவர் கணக்குக்குப் போயிருந்தால் அவர் கணக்கில் வரவான தேதியே தொடக்கம். வண்டி பதிவாகிக் கைக்கு வர ஒரு வாரம் ஆனாலும் வட்டி ஓடும், அது நியாயமும்கூட.

எடுத்துக்காட்டில் வந்த தோட்டக்காரருக்கு எது பொருந்தும்? தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இலைப் பணம் மாதம் ஒரு முறை வருகிறது. அது 10ஆம் தேதிக்கு மேல் வருகிறது என்றால், வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தவணைத் தேதியை 15-க்கு மாற்றக் கேட்பதே நல்லது. இடைவெளி 27 நாள் ஆகி வட்டி 4,438 ரூபாய் ஆகும். 1,643 ரூபாய் கூடுதல்தான், ஆனால் எல்லாத் தவணையும் 10 நாள் தள்ளிப் போகிறது. உறைபனியில் இலை வரத்து குறையும் மாதங்களிலும் பணம் வந்த பிறகுதான் டெபிட் வரும். ஆகவே தேதி 15, இடைவெளி வட்டி ஜூலை 15 அன்று தனியாக. அன்று கையில் இல்லாவிட்டால் ஆகஸ்ட் 15 தவணையோடு, மேண்டேட் வரம்பைச் சரிபார்த்துவிட்டு.

கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதைத் தர வேண்டும் என்பது விதி. தவணை எண்ணிக்கை, தொகை, திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாள், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். இடைவெளி வட்டி எந்தத் தேதியில், எந்தத் தொகையாக வரும் என்பது அதில் தெளிவாக இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

முதல் தவணை போன மறுநாள் கடன் கணக்கு அறிக்கையை எடுத்து, பாக்கி அசலை மட்டும் பாருங்கள். தவணைத் தேதி 5 என்று கொண்டால், பிடித்துக்கொண்டாலும் தனியாக வாங்கினாலும் முதல் தவணையோடு சேர்த்தாலும் ஆகஸ்ட் 5-க்குப் பிறகு அது 4,88,393 ஆக இருக்க வேண்டும். 4,91,188 என்று இருந்தால் 2,795 ரூபாய் அசலுக்குள் போய்விட்டது. அதை ஏற்கெனவே தனியாகவும் கட்டியிருந்தால் ஒரே வட்டியை இரண்டு முறை வாங்கியிருக்கிறார்கள். ரசீதையும் அறிக்கையையும் இணைத்து அன்றே எழுத்தில் கேளுங்கள்.