130 காட்டுது, குரல் போகல: ஒரு வெளிப்புற வைஃபை ஜோடியோடு சில மழைக்காலங்கள்

பண்டாரவளையில் இருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், நீ பூட்டியிருக்கிற அந்த ரெண்டு பெட்டியும் இப்ப நல்லா விலை இறங்கியிருக்கு. வாங்கவா?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போட மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் நிலவரம் இது. ஹட்டன் பக்கம் ஒரு சந்தியில் என் கடை. அதுவரைக்கும் நல்ல இணையம் வருகிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்தில் அண்ணன் வீடு. அரைக் கிலோமீற்றருக்குக் குறைவான தூரம்தான், ஆனால் கேபிள் இழுக்க வழியில்லை. கடைக் கூரையில் ஒன்றும் அண்ணன் வீட்டுக் கூரையில் ஒன்றுமாக இரண்டு 5 கிகாஹேர்ட்ஸ் பெட்டிகளைப் பூட்டினோம். 802.11n, இரண்டு ஸ்ட்ரீம், 20 மெகாஹேர்ட்ஸ் அகலம். பெட்டியின் கட்டுமானத்தில் எனக்குக் குறையே இல்லை. எங்கள் மழைக்கும் காற்றுக்கும் அசையாமல் நிற்கிறது. என் பிரச்சினையெல்லாம், அனுப்பும் பெட்டி எந்த வேகத்தில் அனுப்புவது என்று எடுக்கும் முடிவில்தான்.

தினமும் மாலை ஏழு மணிக்கு அண்ணன் மகளுக்கு ஒன்லைன் வகுப்பு. டீச்சர் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். அவள் பேசுவது டீச்சருக்கு அறுந்து அறுந்து போகும். அண்ணன் போன் எடுத்து, "தம்பி, சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா புள்ள பேசுறது போகலையே" என்பார். பகலில் ஒரு சிக்கலும் கிடையாது. மழை பெய்யும்போது வேகம் குறையும், ஆனால் குரல் அறுவதில்லை. இந்த வித்தியாசம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வைஃபையில் அனுப்பும் பக்கம் ஒவ்வொரு முறையும் ஒரு MCS எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. எண் உயர உயர ஒவ்வொரு அலைத்துடிப்பிலும் அதிக பிட்டுகளை அடைக்கிறது, பிழை திருத்துவதற்கான கூடுதல் பிட்டுகளைக் குறைக்கிறது. எங்கள் பெட்டியில் இரண்டு ஸ்ட்ரீமுக்கு MCS8 என்றால் 13 மெகாபிட், MCS12 என்றால் 78, MCS15 என்றால் 130. மேலே போகப் போகச் சிக்னல் சுத்தமாக இருக்க வேண்டும். சிக்னலை dBm என்ற அளவில் சொல்வார்கள், பூச்சியத்துக்குக் கிட்ட வர வரப் பலம் அதிகம். தரநிலை கேட்கும் குறைந்தபட்ச அளவு MCS15க்கு -64 dBm, MCS12க்கு -70, MCS8க்கு -82. நல்ல சிப்புகள் இதைவிடச் சில டெசிபல் குறைந்தாலும் பிடித்துவிடும்.

சரி, சிக்னலைப் பார்த்து இந்த அட்டவணையில் ஒரு எண்ணை எடுத்தால் போதாதா? போதாது. வீட்டுப் பெட்டி அளப்பது, கடையிலிருந்து தனக்கு வரும் சிக்னலை. அது அனுப்புவதைக் கேட்க வேண்டியதோ கடைப் பெட்டி. கடைப் பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பது வீட்டுப் பெட்டிக்குத் தெரியாது. அதற்குத் திரும்பி வரும் தகவல் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: அனுப்பியதற்கு "கிடைத்தது" என்று சொல்லும் ACK வந்ததா, வரவில்லையா. எந்த எண்ணை எடுப்பது என்ற முறையைத் தரநிலை வகுக்கவில்லை, அதைத் தயாரிப்பாளரிடம் விட்டுவிட்டது. பழைய வழி 1997இல் வந்த ARF. தொடர்ந்து இரண்டு ACK தவறினால் ஒரு படி கீழே இறங்கும், பத்து சரியாக வந்தால் ஒரு படி மேலே ஏறிப் பார்க்கும்.

பெட்டியோடு வந்த மென்பொருள் என்ன முறையை வைத்திருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நடத்தை அப்படியே ARF மாதிரி. மாலையானால் வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வேகம் படிப்படியாக இறங்கி MCS9, MCS8 என்று கீழேயே கிடக்கும். இத்தனைக்கும் சிக்னல் -62இல் அசையாமல் நிற்கும். எதிர்த்திசையில், கடையிலிருந்து வீட்டுக்கு, MCS15 குறையாது. இரண்டு திசைக்கும் அதது தனியாக முடிவெடுப்பதால்தான் பிள்ளைக்கு டீச்சர் கேட்டார், டீச்சருக்குப் பிள்ளை கேட்கவில்லை.

அப்புறம் பெட்டியில், அதோடு வந்த மென்பொருளுக்குப் பதிலாக OpenWrt என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றினேன். உள்ளே இருந்தது ath9k டிரைவரில் ஓடும் சிப், அதனால் லினக்ஸின் minstrel_ht வேலைக்கு வந்தது. டெரெக் ஸ்மிதீஸின் மின்ஸ்ட்ரெல் முறையை ஃபெலிக்ஸ் ஃபியட்காவ் 802.11nக்கு ஏற்றபடி எழுதிய வடிவம் அது. எனக்கு இந்தப் பெட்டியில் கிடைத்த மிகப் பெரிய சந்தோசம் இதுதான். ஒன்றிரண்டு தவறலைப் பார்த்து அது பதறுவதில்லை. ஒவ்வொரு எண்ணிலும் நூற்றுக்கு எத்தனை போய்ச் சேர்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. புதிய கணக்கைப் பழையதோடு கலந்து சராசரி எடுக்கிறது. பயன்படுத்தாத எண்களையும் இடையிடையே சில பக்கெட்டுகளை அனுப்பிப் பரிசோதிக்கிறது. பிறகு வேகத்தையும் வெற்றி விகிதத்தையும் பெருக்கி, எதில் உண்மையான வரத்து அதிகமோ அதை எடுக்கிறது. அதைவிட முக்கியம், அந்தக் கணக்கை நமக்கும் காட்டுகிறது:

```
cat /sys/kernel/debug/ieee80211/phy0/netdev:*/stations/*/rc_stats
```

வீட்டுப் பெட்டியில் இதை இரண்டு நேரங்களில் எடுத்துப் பார்த்தேன். ஒன்று நல்ல மழையில், இன்னொன்று மழையில்லாத மாலை ஏழு மணிக்கு. இரண்டு முறையும் லிங்கில் iperf3 என்ற வேகச் சோதனையை ஓடவிட்டே எடுத்தேன், ஏனென்றால் லிங்க் சும்மா கிடக்கும்போது அதில் தெரிவது பழைய எண்ணாக இருக்கலாம். தேவையான வரிகளை மட்டும், வெற்றி விகிதத்தோடு தருகிறேன்:

```
          மழை    மாலை 7
MCS8       98      61
MCS10      97      58
MCS12      94      55
MCS13      55      52
MCS15       9      47
```

முதலில் மழை. இவ்வளவு குறுகிய தூரத்தில் 5 கிகாஹேர்ட்ஸை மழைத்துளியோ பனிமூட்டமோ குறைப்பது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. எங்கள் வழியில் நிற்கும் கிரவீலியா மரங்களின் இலைகள் நனைவதுதான் காரணம். நனைந்த இலை அலையை விழுங்கும். சிக்னல் -62இலிருந்து -69க்கு இறங்கும். மழை விட்டாலும் இலை காயும் வரை அப்படியே இருக்கும். தோட்டத்தில் கிளை இறக்கிய பிறகு இந்தச் சரிவு பாதியானது. பட்டியலைப் பாருங்கள்: MCS12 வரை எல்லாம் கிட்டத்தட்ட முழுதாகப் போய்ச் சேர்கிறது, அதற்கு மேல் செங்குத்தாக விழுகிறது. பெருக்கினால் MCS12க்கு 78இல் 94 வீதம், ஏறக்குறைய 73. MCS13க்கு 104இல் 55 வீதம், 57. MCS15க்கு 12கூட வராது. ஆகவே MCS12. இறங்குவதுதான் சரியான முடிவு, இறங்கினால் இழப்பும் நின்றுவிடுகிறது.

மாலை ஏழு மணிப் பட்டியல் வேறு சாதி. மிகக் கீழே உள்ள MCS8இலும் பத்தில் நான்கு காணாமல் போகின்றன. இவ்வளவு நல்ல சிக்னலில் MCS8 தவற எந்த நியாயமும் இல்லை. எல்லா எண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தவறினால் காரணம் சிக்னல் பலவீனம் கிடையாது, மோதல். மாலையில் சந்தியில் உள்ள வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் ரூட்டர்கள் எல்லாம் வேலை செய்யத் தொடங்குகின்றன. கடைப் பெட்டிக்கு அவை பலமாகக் கேட்கும். மலை மறைப்பதால் அண்ணன் வீட்டுக்குக் கேட்காது. வழி காலி என்று நினைத்து வீட்டுப் பெட்டி அனுப்பும், கடையில் அது இன்னொன்றோடு மோதும்.

இந்த இடத்தில் வேகத்தை இறக்கினால் நிலைமை கெட்டுத்தான் போகும். மெதுவாக அனுப்பும் பக்கெட் காற்றில் அதிக நேரம் இருக்கும், அதிக நேரம் இருந்தால் மோதும் வாய்ப்பும் கூடும், அது தவறினால் பழைய மென்பொருள் இன்னும் ஒரு படி இறங்கும். மகளின் குரல் அறுந்தது இந்தச் சுழலில்தான். மின்ஸ்ட்ரெல் என்ன செய்தது? 130இல் 47 வீதம் 61, 78இல் 55 வீதம் 43, 13இல் 61 வீதம் 8. மோதல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது, ஆனாலும் கணக்கு அதை MCS15இலேயே நிறுத்தியது. முதன்முறை அதைத் திரையில் பார்த்தபோது உண்மையிலேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனால் இதோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. வேகம் 130 என்று காட்டினாலும் பாதி பக்கெட் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. கோப்பு அனுப்புவதற்கு அது பரவாயில்லை, குரலுக்குத் தாமதம். கடைப் பெட்டியில் `iw dev wlan0 survey dump` போட்டு எந்தச் சனல் எவ்வளவு நேரம் பிசியாக இருக்கிறது என்று பார்த்து ஒதுங்கலாம். ஒதுங்கிய சனலுக்கும் சில மாதத்தில் யாராவது வந்துவிடுகிறார்கள். நிலையாக உதவியது வீட்டுப் பெட்டியில் போட்ட இந்த ஒரு வரி:

```
iw phy phy0 set rts 500
```

500 பைட்டுக்கு மேற்பட்ட எதையும் அனுப்பும் முன் வீட்டுப் பெட்டி சின்ன அனுமதிக் கோரிக்கை ஒன்றை விடும். கடைப் பெட்டி சம்மதம் சொல்லும். அந்தச் சம்மதம் சந்தியில் அதே சனலில் உள்ள மற்ற ரூட்டர்களுக்கும் கேட்பதால் அவை அந்த நேரத்துக்கு அடங்கும். மோதினாலும் போவது சின்னக் கோரிக்கைதான். பகலில் உச்ச வேகம் இதனால் கொஞ்சம் குறைகிறது. வகுப்பு அறுவதில்லை என்பதால் அந்தக் குறைவு எனக்குச் சம்மதம்.

சிலர் MCS15இலேயே பூட்டிவிடச் சொல்வார்கள். `iw dev wlan0 set bitrates ht-mcs-5 15` என்று ath9kஇல் பூட்டவும் முடியும். மலைநாட்டில் அதைச் செய்யாதீர்கள். நனைந்த இலை நாளில் நூற்றுக்கு ஒன்பது பக்கெட்தான் போகும், இறங்க இடமிருக்காது.

இப்போது நண்பனுக்குப் பதில். இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: வாங்காதே. விலை இறங்கியிருப்பது அதே பெயரில் வரும் புதிய பதிப்புக்கு. அண்மையில் மின்னல் அடித்து என் ஒரு பெட்டியின் போர்ட் போனது. திருத்துபவர் மாற்றாகப் புதிய பதிப்பைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே சிப் மாறியிருக்கிறது. வேகம் தேர்ந்தெடுக்கும் வேலை மூடிய ஃபேர்ம்வேருக்குள் போய்விட்டது. rc_stats கிடையாது, திரையில் ஒரு எண்ணும் நான்கு பச்சைக் கோடும்தான். காகிதத்தில் அது என்னுடையதைவிட வேகம். ஆனால் மாலை ஏழு மணிக்கு அது ஏன் விழுகிறது என்று யாராலும் பார்க்க முடியாது. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது. பழைய போர்டையே திருத்திப் போடச் சொன்னேன், இப்போது அதுதான் கூரையில் இருக்கிறது.

பழைய பதிப்பு பாவித்த நிலையில் கிடைத்தால் தயங்காமல் எடு. பெட்டியின் அடியில் உள்ள பதிப்பு எண்ணை OpenWrt பக்கத்தில் தேடி, ath9k என்று இருக்கிறதா என்று முதலில் பார். பூட்டிய பிறகு ஒரு மழை நாளிலும் ஒரு மாலையிலும் இரண்டு பக்கத்திலும் rc_stats எடுத்து எனக்கு அனுப்பு. கீழ் எண்கள் நன்றாக இருந்து மேல் எண்கள் மட்டும் விழுந்தால் மரத்தையும் அன்டெனாவின் கோணத்தையும் பார்ப்போம். கீழ் எண்களும் சேர்ந்து தவறினால் சனலில் இருந்து தொடங்குவோம்.