ஒற்றை சிப்பா, மூன்று எல்சிடியா?

ஒற்றை சிப் டிஎல்பி புரொஜெக்டர் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திரையில் வீசுகிறது; சேர்த்துப் பார்ப்பது நம் மூளை. கண் அசையாதவரை பிரச்சினை இல்லை. கறுப்புக் காட்சியில் வெள்ளை சப்டைட்டிலைப் படித்துவிட்டு நடிகரின் முகத்துக்குச் சட்டென்று தாவினால், மூன்று நிறமும் விழித்திரையில் வெவ்வேறு இடத்தில் விழும். எழுத்தோரம் வானவில் மின்னும். அடிக்கடி பார்வையைத் தாவவிடுபவர்களுக்கு இது அதிகம் தெரியும். என் பக்கத்தில் இருப்பவருக்கோ ஒன்றுமே தெரியாது!

மூன்று நிறத்துக்கும் தனித்தனி பேனல் கொண்ட மூன்று எல்சிடி புரொஜெக்டரில் நிறங்கள் ஒரே நேரத்தில் வருவதால் இந்த மின்னல் கிடையாது. பேனல்கள் சற்று விலகினால் மெல்லிய நிறக்கோடு தெரியலாம், ஆனால் அது கண்ணை அசைக்காவிட்டாலும் அங்கேயே நிற்கும்.

நிறங்களை மாற்றித் தரும் நிறச்சக்கரம் வேகமாகச் சுழன்றால் டிஎல்பியில் வானவில் குறையும். நொடிக்கு 120 சுற்று நிறம் மாறுவதைவிட 360 எவ்வளவோ மேல். இருந்தும் எனக்கு முழுதாக மறையவில்லை, அதனால் என் ஓட்டு எல்சிடிக்கே.