கரும்புள்ளிக்கு எது, சிவந்த பருவுக்கு எது? சாலிசிலிக் ஆசிட், பென்சாயில் பெராக்ஸைடு

இரண்டும் பரு மருந்துதான் என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

கரும்புள்ளி என்பது திறந்த துவாரத்தில் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து அடைத்திருப்பது. அந்தக் கறுப்பு நிறம் அழுக்கு அல்ல, எனவே தேய்த்துக் கழுவினால் போகாது. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையக்கூடியது. அதனால் துவாரத்துக்குள் இறங்கி, ஒட்டிக்கிடக்கும் செல்களைப் பிரித்துவிடும். கடையில் பொதுவாக 0.5 முதல் 2 சதவீதம் வரை கிடைக்கும். கழுவிவிடும் ஃபேஸ்வாஷை விட, தோலில் தங்கும் ஜெல்லோ சீரமோ கரும்புள்ளிக்கு நல்லது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம்.

சிவந்து, தொட்டால் வலிக்கும் பருவில் அடைப்போடு வீக்கமும் இருக்கிறது. அதில் ஆக்சிஜன் பிடிக்காத ஒரு பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு. பென்சாயில் பெராக்ஸைடு வெளிவிடும் ஆக்சிஜன் அதைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக் போல, காலப்போக்கில் பாக்டீரியா இதற்குப் பழகிவிடுவதில்லை. இங்கே என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் 2.5 சதவீதத்துக்கு. 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் பெரிதாகக் கூடாது. மாநிறத் தோலில் அந்த எரிச்சலே கருமையான தடத்தை விட்டுப்போகலாம்.

சரி, ஒரே முகத்தில் இரண்டும் இருந்தால்? மூக்கில் கரும்புள்ளி, தாடையில் நாலைந்து சிவந்த பரு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இடத்தைப் பிரித்தால் போதும். இரவில் முகம் கழுவி, நன்றாக உலர்ந்ததும் மூக்கில் 2 சதவீத சாலிசிலிக், தாடையில் பென்சாயில் பெராக்ஸைடு. தாடையில் பருவின் உச்சியில் மட்டும் பொட்டு வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். அடுத்த பரு உருவாவதையும் அது தடுக்கும். அப்புறம் மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். ஒரே இடத்தில் இரண்டையும் ஆரம்பத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டாம்.

லேசான வறட்சி, கொஞ்சம் தோல் உரிவது சகஜம். இடைவெளியைக் கூட்டினால் அடங்கும். அரிப்பும் வீக்கமும் தடவாத இடத்துக்கும் பரவினால் ஒவ்வாமை, உடனே நிறுத்துங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக் பக்கம் போகுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பென்சாயில் பெராக்ஸைடு துணியின் சாயத்தையும் வெளுக்கும். தலையணை உறை, துண்டு இரண்டும் வெள்ளையாக இருக்கட்டும்.

தோலுக்கடியில் கட்டிபோல் கெட்டியாக வலிக்கும் பரு இரண்டுக்குமே மசியாது. அதைக் கிள்ளாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.