கேட்லாக்கைத் திருத்தித் தருகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால்

ஈத்தாமொழிப் பக்கம் எங்களுக்குச் சிறிய தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. தேங்காய்க் கதம்பையிலிருந்து நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூளைக் கழுவி, உலர்த்தி, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி விற்கிறோம். கோகோபீட் என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். அப்பா தொடங்கிய தொழில் இது. ஆறு வருடங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் ஆங்கிலக் கேட்லாக் 2014-இல் அச்சடித்தது. பன்னிரண்டு பக்கம். அதில் தொலைநகல் எண் இருக்கிறது. அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டே பல வருடங்கள் ஆகின்றன. பழைய வாட் வரிக்கான பதினோரு இலக்க டின் எண் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன், அடுத்த பொங்கல் வந்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது.

எழுதியவர் தன்னைத் தனியாகத் தொழில் செய்யும் எடிட்டர் என்று சொல்லிக்கொண்டார். எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சரியாக எழுதியிருந்தார். அதுவே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது. இணையத்தில் எங்கள் கேட்லாக்கைப் பார்த்தாராம், 37 பிழைகள் கண்டாராம். மொழி, தகவல், ஒழுங்கு மூன்றையும் தணிக்கை செய்து, எந்தப் பக்கத்தில் என்ன கோளாறு என்று அறிக்கை தருவதாகவும், கட்டணம் 15,000 ரூபாய், பாதி முன்பணம் என்றும் எழுதியிருந்தார். மாதிரிக்கு மூன்று பிழைகளையும் காட்டியிருந்தார். தொலைநகல் எண் ஒன்று, ஓர் எழுத்துப்பிழை ஒன்று, கடைசிப் பக்கத்தில் 2014 என்ற ஆண்டு ஒன்று. மூன்றும் உண்மை. நான் மறுபடி ஒருமுறை படிக்காமல் பணத்தை அனுப்பினேன்.

இப்போது அந்த மின்னஞ்சலைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அந்த மூன்று பிழைகளும் எங்கள் சரக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாத யாரும் தெருவில் நின்று பார்த்துச் சொல்லக்கூடியவை. 37 என்று எண்ணிக்கை இருந்தது, பட்டியல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மின்னஞ்சலில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், இதில் எது இன்னும் நடப்பில் இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

பத்து நாளில் வேலை முடிந்தது. வந்தது அறிக்கை அல்ல, திருத்தி முடித்த பிடிஎஃப். எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்ற தடம் எதுவும் அதில் இல்லை. வாசிக்க வழவழவென்று இருந்தது. அப்பாவின் முரட்டு ஆங்கிலம் போய், நட்சத்திர விடுதியின் வரவேற்பறையில் பேசுவதுபோல ஆகியிருந்தது. மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டு, அதை அப்படியே வாடிக்கையாளர்களுக்குச் சுற்றுக்கு விட்டேன். இந்த இடத்தில் குற்றம் என்னுடையதும்தான், மறைக்க விரும்பவில்லை.

முதல் அடி ஓசூரிலிருந்து வந்தது. அதைச் சொல்ல, எங்கள் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தென்னை நார்த்தூளில் இயல்பாகவே உப்பு அதிகம். கதம்பையை உவர்நீரில் ஊற வைத்திருந்தால் இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் கழுவினால் கரையும் உப்பு போய்விடும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் இறங்கும். கழுவிய தூள் என்பது இதுதான். ஆனால் தூளின் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அவ்வளவாக அசைவதில்லை. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்தால்தான் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். பிறகு மறுபடியும் அலச வேண்டும். இதைத்தான் 'பஃபர்' செய்த தூள் என்கிறோம். அப்படிச் செய்யாத தூளில் பசுமைக்குடில்காரர் செடி வைத்தால், அவர் உரத்தோடு கொடுக்கும் கால்சியத்தைத் தூள் பிடித்து வைத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். நாற்றங்காலுக்கும் வீட்டுத் தொட்டிக்கும் கழுவியது போதும். மண்ணே இல்லாமல் குடைமிளகாய் வளர்ப்பவருக்குப் போதாது. இரண்டும் வேறு வேலை, வேறு விலை.

பழைய கேட்லாக்கின் 5-ஆம் பக்கத்தில் இவை இரண்டு தனி வரிசைகளாக இருந்தன. ஒன்றில் கழுவியது என்றும், அடுத்ததில் கழுவி பஃபர் செய்தது என்றும் இருந்தன. எடிட்டர் ஐயாவுக்கு அது கூறியது கூறலாகத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி, 'கவனமாகக் கழுவிப் பதப்படுத்தப்பட்ட உயர்தரத் தூள்' என்று ஒரே வரியாக்கிவிட்டார். ஓசூர்க்காரர் புதிய கேட்லாக்கில் அந்த வரியைப் பார்த்து, பஃபர் செய்தது இவ்வளவு மலிவா என்று மகிழ்ந்து 400 கட்டிகள் கேட்டார். எங்கள் ஆட்கள் அந்த விலைக்குரிய கழுவிய சரக்கை ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது வாரம் தொலைபேசி வந்தது. இளம் இலைகளின் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டன.

எங்கள் மேற்பார்வையாளர் அண்ணாச்சி அப்பா காலத்து ஆள். கேட்லாக்கைக் கையில் கொடுத்ததும் 5-ஆம் பக்கத்தில் விரலை வைத்துவிட்டார். "மக்களே, இதை யார் எழுதினார்? இப்படி ஒரு சரக்கே நம்மிடம் கிடையாதே" என்றார். 400 கட்டிகளையும் பஃபர் செய்த தூளாக மாற்றிக் கொடுத்தோம். சரக்கும் லாரி வாடகையுமாக எழுபதாயிரத்தைத் தாண்டியது.

அன்று இரவு செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அச்சகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய வேர்டு கோப்பு என்னிடம் இருந்தது. எடிட்டர் அனுப்பிய பிடிஎஃப்பையும் வேர்டில் திறந்து சேமித்துவிட்டு, `Review` பட்டியலில் இருக்கும் `Compare` கட்டளையைக் கொடுத்தேன். மாறிய ஒவ்வொரு சொல்லும் வண்ணத்தில் வந்து நின்றது. பிடிஎஃப்பிலிருந்து வந்ததால் வரி உடைந்து சில இடங்களில் குழப்பியது, ஆனாலும் போதும். ஒரு மணி நேர வேலை. அதற்குள் இன்னும் இரண்டு வெடிகுண்டுகள் கிடைத்தன.

ஒன்று, மின்கடத்துத்திறன் 0.5-க்குக் கீழே என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 1:1.5 என்று ஒரு குறிப்பு இருந்தது. ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் ஊற்றி அளந்தது என்று அதற்குப் பொருள். அதே தூளில் ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றி அளந்தால் எண் இன்னும் குறைவாக வரும். எந்த முறை என்று சொல்லாத எண்ணை வைத்து வாங்குபவர் ஒன்றும் செய்ய முடியாது. புரியாத குறியென்று நினைத்து எடிட்டர் அந்தக் குறிப்பை அழித்துவிட்டார்.

மற்றது அதைவிட மோசம். முதல் பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. 9001:2008 சான்று பெற்றவர்கள் என்று இருந்தது. அந்தத் தரநிலையின் புதிய பதிப்பு 2015-இல் வந்தது. பழைய பதிப்பின் சான்றுகள் 2018 செப்டம்பரோடு செல்லாமல் போயின. நாங்கள் செலவுக்குப் பயந்து புதுப்பிக்கவில்லை. அந்த வரி கேட்லாக்கில் இருந்திருக்கவே கூடாது, அது எங்கள் தவறு. ஆனால் எடிட்டர் என்ன செய்தார் தெரியுமா? ஆண்டு பழையதாக இருக்கிறதே என்று 2008-ஐ 2015 ஆக்கிவிட்டார்! எழுத்தையும் பெரிதாக்கியிருந்தார். காலாவதியான உண்மை ஒன்றை எடுத்து நடப்புப் பொய்யாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். நல்லவேளை, சான்றிதழ் நகல் கேட்டு யாரும் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பதினோரு இலக்க டின் எண் அப்படியே குத்துக்கல்லாக இருந்தது. எண்ணில் எழுத்துப்பிழை வராது அல்லவா.

அவருக்கு எழுதினேன். பதில் மரியாதையாகவே வந்தது. தான் மொழியை மட்டுமே பார்ப்பவர் என்றும், தகவலுக்கு நிறுவனம்தான் பொறுப்பு என்றும் இருந்தது. முதல் மின்னஞ்சலில் 'தகவல்' என்ற சொல்லை அவரே எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அதன் பிறகு பதில் இல்லை. வேலைக்கு எல்லை வகுத்து இரண்டு வரி எழுதி வாங்காததால் என்னால் அதற்கு மேல் அழுத்த முடியவில்லை. ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். தணிக்கை என்று விற்று, மெருகு பூசிக் கொடுத்தவர். பூசுவதற்கு முன் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதவர்.

இப்போது வேறொருவரிடம் வேலை நடக்கிறது. உறவினர் ஒருவர் சொல்லித் திருவனந்தபுரத்தில் கிடைத்தவர். மருந்து நிறுவனங்களுக்கு எழுத்துப் பார்த்துப் பழகிய அம்மா. இந்த முறை முழுப் பணமும் முழுக் கோப்பும் கொடுக்கவில்லை. மூன்று பக்கங்களை மட்டும், அதற்குரிய கூலியோடு அனுப்பினேன். அவற்றில் அந்த 5-ஆம் பக்கமும் முதல் பக்கமும் பழைய வடிவிலேயே இருந்தன. திரும்பி வந்தது ஓர் அட்டவணை. பக்கம், வரி, இப்போது இருப்பது, என்ன சந்தேகம், யார் பதில் சொல்ல வேண்டும் என்று ஐந்து பத்திகள். மூலத்தில் ஒரு சொல்லைக்கூட அவர் தொடவில்லை. முதல் கேள்வியே, "இந்தச் சான்றிதழின் நகலை அனுப்ப முடியுமா?" என்பதுதான். நான்காவது கேள்வி, கழுவியதற்கும் பஃபர் செய்ததற்கும் வாங்குபவர் என்ன வித்தியாசம் காண்பார், அதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் சொல்லலாமா என்பது.

ஆகவே இப்படி ஒரு மின்னஞ்சல் உங்களுக்கும் வந்தால், கேட்லாக்கில் உங்கள் தொழிலுக்கே உரிய, வெளியாருக்குப் புரியாத பக்கம் எதுவோ அதைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துப்பிழைப் பக்கத்தை அவர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். திருத்தம் வந்தால் யோசியுங்கள், கேள்வி வந்தால் முன்பணம் கொடுங்கள். கடைசிக் கோப்பை பிடிஎஃப்பாக மட்டும் வாங்காதீர்கள்.

திருவனந்தபுரத்து அம்மா மொத்தம் பதினான்கு கேள்விகள் அனுப்பினார். பதினொன்றுக்குப் பதில் எழுதிவிட்டேன். மீதி மூன்றும் அண்ணாச்சியிடம் இருக்கின்றன. முதல் பக்கத்துப் படத்தில் இருப்பது நம்முடைய கட்டியே இல்லை என்கிறார்.