மீண்டும் வரும் ஐகன் மதிப்பு: தன்மைக்காட்டியா, வகைக்கெழுவா?

அணியின் ஓர் உறுப்பு k என்று மட்டும் தரப்பட்டு, எந்த k-க்கு ஐகன் மதிப்பு ஒன்று மீண்டும் வரும் என்று கேட்டால், இரண்டு வழிகள் உண்டு: சிறப்பியல்புக் கோவையின் தன்மைக்காட்டியைப் பூச்சியமாக்குவது ஒன்று, கோவையும் அதன் வகைக்கெழுவும் ஒருசேரப் பூச்சியமாகும் இடத்தைத் தேடுவது மற்றொன்று. நான் பல ஆண்டுகள் முதல் வழியிலேயே சென்றுவிட்டு, இப்போது இரண்டாவதற்கு மாறியிருக்கிறேன்.

2×2 அணிக்குத் தன்மைக்காட்டியே போதும். 3×3-இல்தான் வேறுபாடு தெரிகிறது.

```
    3  1  0
A = 0  3  1
    k  0  0
```

இதன் சிறப்பியல்புச் சமன்பாடு λ³ − 6λ² + 9λ − k = 0. முப்படிக் கோவையின் தன்மைக்காட்டி ஐந்து உறுப்புகள் கொண்டது; பிரதியிட்டுச் சுருக்கினால் 27k(4 − k) கிடைக்கும், ஆகவே k = 0 அல்லது 4. மாறிலி உறுப்பு −k என்பதை மறந்து k என்று நான் ஒருமுறை பிரதியிட்டபோது 4-க்குப் பதில் −4 வந்தது. விடை பார்க்கச் சரியாகவே இருந்ததால் பிழை கண்ணில் படவில்லை.

இரண்டாம் வழியில், தெரியாத உறுப்பு ஒன்றே என்பதால் கோவையில் k ஒருபடியாகவே வரும்; அதைத் தனியே பிரித்து k = λ(λ − 3)² என்று எழுதலாம். இதை λ-வைப் பொறுத்து வகையிட்டால் 3(λ − 1)(λ − 3) வருகிறது; எனவே λ = 1 எனில் k = 4, λ = 3 எனில் k = 0. என்னை மாற வைத்தது இந்த இணைதான்: மீள்வது எந்த ஐகன் மதிப்பு என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் அணியை மூலைவிட்டமாக்க முடியுமா என்பதே. அதற்கு அந்த λ இல்லாமல் முடியாது. k = 4 எனில் A − I-இன் மூன்றாம் நிரை, முதல் நிரையின் இருமடங்கிலிருந்து இரண்டாம் நிரையைக் கழித்தது; அணித்தரம் 2. இருமுறை வரும் 1-க்கு (1, −2, 4) என்ற ஒரே திசையில்தான் ஐகன் வெக்டர் உண்டு. ஆகவே மூலைவிட்டமாக்க முடியாது. k = 0, λ = 3 எனும்போதும் நிலை அதுவே.

ஆனால் இவ்வழியில் ஒரு பள்ளம் உண்டு. கோவை (λ − 2)(λ² − 2λ − k) என்று அமைந்தால், 2 என்பது எந்த k-க்கும் ஐகன் மதிப்பு. அந்தக் காரணியை நீக்கிவிட்டு k = λ² − 2λ என்பதை வகையிட்டால் k = −1 மட்டுமே கிடைக்கும்; இரண்டாம் காரணியும் λ = 2-இல் பூச்சியமாகும் k = 0 விடுபட்டுப்போகும். தன்மைக்காட்டி இதைத் தவறவிடாது. எனவே k-ஐப் பிரிக்கும்முன், k உள்ள உறுப்புகளுக்கும் இல்லாத உறுப்புகளுக்கும் பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

k பல இடங்களில் வரும் அணிகளில் அதை இப்படிப் பிரிக்க முடியாமல் போகலாம். அத்தகையவற்றை நான் அதிகம் கையாண்டதில்லை. கையாண்ட சிலவற்றில் தன்மைக்காட்டிக்கே திரும்பினேன்.