பாக்கித் தொகை கண்ணில் படுகிறதா? மூன்று பில் வடிவங்கள், ஒரு கறுப்பு வெள்ளை பிரின்டர்

பெங்களூரு பீன்யாவில் ஷீட் மெட்டல் வேலை செய்யும் ஒரு சின்ன யூனிட், ஓசூர் பார்ட்டிக்குச் சரக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 385 ரூபாய் வீதம் 120 பிராக்கெட், 1,120 ரூபாய் வீதம் 40 பிளேட். சரக்கின் மதிப்பு 91,000. மாநிலம் தாண்டுவதால் 18 சதவீத ஐஜிஎஸ்டி 16,380. பில் மொத்தம் 1,07,380. ஆர்டர் கொடுத்தபோதே 40,000 முன்பணம் வந்துவிட்டது. இனி வர வேண்டியது 67,380.

இந்த பில் போகிற வழியைப் பாருங்கள். மெயிலில் பிடிஎஃப் ஆகப் போகும். அங்கே கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டரில், பெரும்பாலும் டோனர் மிச்சப்படுத்தும் மோடில், அச்சாகும். ஸ்டோர்ஸில் 'சரக்கு பெறப்பட்டது' சீல் விழும். ஒரு ஜெராக்ஸ் எடுப்பார்கள். கடைசியில் யாரோ அதை போனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்புவார்கள். இத்தனையும் தாண்டி 67,380 என்ற எண் கண்ணில் பட வேண்டும். மூன்று வடிவங்களையும் இந்த வழியில் விட்டுப் பார்ப்போம்.

முதலாவது, கணக்கு மென்பொருள் தானாகத் தரும் கட்டம் போட்ட பில். அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர்களுக்குப் பழகிய முகம். ஜிஎஸ்டி எண், ஹெச்எஸ்என், வரி விகிதம் எல்லாம் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நிறம் கிடையாது, அதனால் அச்சில் பெரிய சேதம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். எல்லாமே கட்டத்துக்குள் இருப்பதால் எந்தக் கட்டமும் தனியாகத் தெரியாது. கீழே வலது மூலையில் தடித்த எழுத்தில் இருப்பது 1,07,380. அது பில் மொத்தம். முன்பணம் குறிப்பு வரியில் சின்னதாக ஒதுங்கியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பார்ட்டி முழுத்தொகையையும் அனுப்பிவிடலாம், இல்லையென்றால் 'எவ்வளவுதான் பாக்கி?' என்று போன் வரும். இன்னொன்று: ஸ்டோர்ஸ்காரர் சீல் குத்தக் காலி இடம் தேடும்போது கை தானாகக் கீழே வலது பக்கம்தான் போகும். மொத்தத் தொகையின் மேலேயே நீல மை இறங்கும். ஜெராக்ஸில் அந்த நீலமும் கறுப்பாகிவிடும், எண் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வண்ணப் பட்டை டெம்ப்ளேட். திரையில் மூன்றிலும் அழகு இதுதான். ஆரஞ்சுப் பட்டையில் வெள்ளை எழுத்தில் பாக்கித் தொகை பளிச்சென்று நிற்கும். அச்சில்தான் வண்டவாளம் தெரியும். நிறத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கு இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

R, G, B என்பவை நிறத்தில் உள்ள சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு. Y என்பது கிடைக்கும் சாம்பல்: 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் காகித வெள்ளை. ஆரஞ்சு (255,165,0) இதில் 173 ஆகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியே உள்ள வெளிர் சாம்பல். அதன்மேல் வெள்ளை எழுத்து எப்படி நிற்கும்? லேசர் பிரின்டரிடம் சாம்பல் டோனர் இல்லை. கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித்தள்ளி வைத்துத்தான் சாம்பலைக் காட்டுகிறது. எழுத்தின் விளிம்பு அந்தப் புள்ளிகளில் கரைந்து, 3 எது 8 எது என்று தெரியாமல் போகும். கருநீலப் பட்டை (0,51,102) ஏறக்குறைய 42 என்பதால் தப்பிக்கும், ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் டோனரைக் குடிக்கும்.

இதைவிட மோசமானது, பாக்கிக்குச் சிவப்பு, கட்டியதற்குப் பச்சை என்று நிறத்தாலேயே பேசும் பில். சிவப்பு (255,0,0) 76 ஆகிறது, பச்சை (0,128,0) 75. காகிதத்தில் இரண்டும் ஒரே சாம்பல். 40,000 கட்டியதா, கட்ட வேண்டியதா என்று சொல்ல எதுவுமே மிஞ்சாது. பிரவுசரிலிருந்து நேரடியாக அச்சிட்டால் இன்னொரு தொல்லை: பின்னணி நிறத்தை பிரவுசர் வழக்கமாக அச்சிடாது. பட்டையே போய்விடும்.

மூன்றாவது, கறுப்பை மட்டும் நம்பும் பில். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இதிலும் அளவுகள் பிசகக்கூடாது. மேல் வலது பக்கத்தில் ஒரே ஒரு பெட்டி. பில்லில் வேறு எங்கும் பெட்டி வேண்டாம். சுற்றுக்கோடு 1.5 பாயின்ட், உள்ளே வெள்ளை, சாம்பல் நிரப்பு கூடாது. அதற்குள் மூன்றே வரிகள்: 'செலுத்த வேண்டிய தொகை' 10 பாயின்ட்டில், 67,380.00 என்பது 18 பாயின்ட் தடித்த எழுத்தில், கெடு தேதி 11 பாயின்ட்டில். மற்ற விவரமெல்லாம் 10 பாயின்ட். ஏன் மேல் வலது? ஸ்டேப்ளர் இடது மூலையில் விழும், ஃபைலில் பஞ்ச் ஓட்டையும் இடது ஓரத்தில். கட்டைப் புரட்டும்போது கடைசிவரை மறையாமல் தெரிவது மேல் வலது மூலைதான். இ-இன்வாய்ஸ் போடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் கியூஆர் கோடு உட்கார்ந்திருந்தால், அதைச் சுருக்காமல் விட்டுவிட்டு, பெட்டியை அதற்கு நேர் கீழே, பார்ட்டி முகவரிக்கு எதிரில் வையுங்கள்.

கீழே உள்ள கணக்கை எடுத்துவிடக் கூடாது. சரக்கு மதிப்பு, வரி, பில் மொத்தம், கழித்தல் முன்பணம், பாக்கி என்று வரிசையாக இறங்கி, கடைசி வரி மேலே உள்ள எண்ணோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். புத்தகத்தில் பதிவாவது 1,07,380, வங்கியில் அனுப்புவது 67,380. இரண்டு வேலைக்கும் இரண்டு எண்ணும் தேவை. சீலுக்காகக் கீழே இடது பக்கம் 60 மில்லிமீட்டர் அகலத்தில் காலி இடம் விட்டு 'சீல்' என்று எழுதிவிட்டால் தொகை தப்பிக்கும். உருப்படி வரிகளுக்கு நடுவே படுக்கைக் கோடு போதும், 0.5 பாயின்ட்டுக்குக் குறையாமல். மயிரிழைக் கோடு முதல் ஜெராக்ஸிலேயே அறுந்துவிடும்.

எழுத்துரு விஷயத்தில் ஏரியல் அலுப்பூட்டும், ஆனால் அதன் எண்கள் எல்லாம் ஒரே அகலம். வலது பக்கம் ஒதுக்கினால் ஒற்றை, பத்து, நூறு ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஜார்ஜியாவிலும் கார்பெலிலும் எண்கள் இயல்பாகவே ஏறி இறங்கும் வகை. கடிதத்துக்கு அழகு, தொகைப் பத்திக்கு ஆகாது. ஏரியலுக்கும் ஒரு பலவீனம் உண்டு: பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஐஎஃப்எஸ்சி கோடில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம்தான், அதை ஓ என்று அடித்துவிட்டுப் பணம் போகவில்லை என்பார்கள். வங்கி விவர வரிகளை மட்டும் பூஜ்யத்தில் கோடு போடும் கன்சோலாஸில் வைத்து, கணக்கு எண்ணை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுங்கள்.

எக்செலில் பில் போட்டால் லட்சக் காற்புள்ளிக்கு இந்த வடிவம்:

```
[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00
```

மைனஸ் தொகைக்கு இது சரிவராது. லட்சத்தைத் தாண்டிய கிரெடிட் நோட்டில் 100,000 என்றே காட்டும்.

சோதிக்கப் பத்து நிமிடம் போதும். டோனர் மிச்ச மோடில் அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். பில்லைப் பார்க்காத ஒருவரிடம் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். 1,07,380 என்று பதில் வந்தால் பெட்டி தோற்றுவிட்டது.

கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்காரர்களுக்குப் பழைய கட்டம் போட்ட பில்தான் இன்னும் தோது. அதன் எழுத்துத் தொகுப்பில் ₹ குறி பெரும்பாலும் இருக்காது, Rs. என்று அடிப்பதே பத்திரம். 18 பாயின்ட்டுக்குப் பதில் இரட்டை அகல எழுத்தைப் போட்டு, பாக்கித் தொகையை மேலே முன்னச்சிட்ட பெட்டிக்குள் விழும்படி வரி எண்ணிக்கையைச் சரி செய்துகொள்ளலாம்.