கடவுச்சொல்லா, கோப்பா, அனுமதியா? அலசலுக்கு முன் போகும் கடிதம்

புது வாடிக்கையாளரின் இணையதளத்தை அலசுவதற்கு முன், என்னென்ன கணக்குகள் வேண்டும் என்று ஒரு கடிதம் அனுப்புகிறோம். அந்தக் கணக்குகளுக்குள் நாம் நுழைய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கடவுச்சொல்லைக் கேட்பது. வாடிக்கையாளருக்கு இதுதான் சுலபம், ஆனால் நான் கேட்கவே மாட்டேன். நாம் உள்ளே நுழையும்போது சரிபார்ப்பு எண் அவருடைய போனுக்குப் போகலாம். மாற்றப் பதிவில் எல்லாமே அவர் பெயரில் பதிவாகும், பிறகு ஏதாவது கெட்டால் யார் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, அவரே எடுத்து அனுப்பும் கோப்புகள். பாதுகாப்பானதுதான். ஆனால் தளத்தின் கூகுள் தேடல் தரவைக் காட்டும் சர்ச் கன்சோல் திரையிலிருந்து இறக்கும் கோப்பில் 1,000 வரிகளுக்கு மேல் வராது. நமக்கு எழும் அடுத்த கேள்விக்கும் அதில் பதில் இருக்காது. விற்பனைக் கணக்குக்கு மட்டும் இந்த வழியே நல்லது: வாங்கியவர்களின் பெயரும் எண்ணும் நமக்கு எதற்கு? மாதவாரியான கூட்டுத்தொகை போதும்.

மூன்றாவது, நம் மின்னஞ்சலைப் பயனராகச் சேர்க்கச் சொல்வது. நான் கேட்பது இதைத்தான். தளத்தின் வருகையை அளக்கும் அனலிட்டிக்ஸில் `Viewer`, சர்ச் கன்சோலில் `Full`, விளம்பரக் கணக்கில் பார்வை அனுமதி, இவ்வளவு போதும். வேலை முடிந்ததும் அவரே நீக்கிவிடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல நேரம் அந்தக் கணக்கு பழைய ஏஜென்சியின் கையில் இருக்கும், அப்போது வாடிக்கையாளராலேயே யாரையும் சேர்க்க முடியாது. அதனால் கடிதத்தின் முதல் கேள்வியே ‘கணக்கின் உரிமையாளர் யார்?’ என்றிருக்கட்டும். அவசரப்பட்டுப் புதுக் கணக்கு திறந்தால் அனலிட்டிக்ஸின் பழைய தரவு அதற்குள் வராது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. அது மட்டும் போதுமா? ஒரு தளத்தில் மார்ச் மாதத்திலிருந்து வருகை பாதியாகிவிட்டது என்று அனலிட்டிக்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுள் தேடலிலிருந்து வந்த வருகையும் அதே அளவு சரிந்திருக்கிறது. ஆனால் சர்ச் கன்சோலில் கிளிக்குகள் குறையவில்லை. இந்த இரண்டு எண்களும் எப்போதும் கொஞ்சம் வேறுபடும்தான், ஆனால் பாதிக்குப் பாதி வேறுபட்டால் அளவீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். மார்ச்சில் தளத்தின் வடிவத்தை மாற்றினோம் என்று வாடிக்கையாளர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், புதுப் பக்கங்களில் அளவீட்டு நிரல் விடுபட்டதா என்று முதல் நாளே பார்த்துவிடலாம். அந்த வரி இல்லாவிட்டால், தரவரிசை ஏன் விழுந்தது என்று ஒரு வாரம் வீணாகத் தேடுவோம்.

அதனால் வரலாறு கேட்கும்போது ‘இதுவரை என்ன செய்தீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, தேதியோடு நான்கைக் கேட்பது மேல்: டொமைன் மாற்றம், வடிவ மாற்றம், ஏஜென்சி மாற்றம், கூகுளிடமிருந்து வந்த எச்சரிக்கைகள். எத்தனை காலத்துக்கு? சர்ச் கன்சோல் 16 மாதங்களைத்தான் காட்டும் என்பதால் குறைந்தது அவ்வளவு காலத்துக்கு. அதற்கு முந்தைய அறிக்கைகள் யாரிடமாவது இருந்தால், அவற்றையும் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.